மெஹந்தி விழுதுல கிராம்பு எண்ணெய், நீலகிரி தைலம் கலக்குறது: எவ்வளவு, எப்போ, யாருக்கு வேணாம்

காரைக்குடி பக்கம் கல்யாண வீடுகளுக்கு வீட்லயே கோன் போட்டுக் குடுக்குறேன். கத்துக்க வர்ற பிள்ளைங்க எல்லாரும் தடுக்கி விழுற இடம் ஒன்னுதான், எண்ணெய் பாட்டில். டிசைன் ரெண்டு மாசத்துல கை வந்துரும், ஆனா எந்த எண்ணெய எவ்வளவு ஊத்தணும்னு யாரும் உக்காந்து சொல்லித் தர்றதில்ல, ஒரு மூடி ஊத்து ரெண்டு மூடி ஊத்துன்னு வாய்வழியாவே போகுது. அதனால வேலை நடக்குற வரிசைலயே எழுதுறேன். விசேஷத்துக்கு நாலு நாள் முன்னாடியே ஆரம்பிக்கணும், ஏன்னு 4வது படில தெரியும்.

1. சரியான பாட்டில் வாங்குறது

நாட்டு மருந்துக் கடைல கிராம்பு எண்ணெய்னு கேட்டா மூணு விதமா கைக்கு வரும். ஒன்னு ஆவில வடிச்ச சுத்தமான எண்ணெய். இன்னொன்னு தேங்காண்ணெய்லயோ நல்லெண்ணெய்லயோ கிராம்பைப் போட்டுக் காய்ச்சினது. மூணாவது சும்மா வாசனைக்குக் கலந்த செண்ட் சரக்கு. நமக்கு வேணும்ங்கறது முதல் வகை மட்டும்தான். காய்ச்சின எண்ணெய ஊத்தினா விழுது வழுக்கும், கைல ஒட்டாது, எண்ணெய்ப்பசை இருக்குற எடத்துல நிறமும் ஏறாது. செண்ட் சரக்குல என்ன இருக்குன்னு கடைக்காரருக்கே தெரியாது.

வீட்ல ஒரு சின்ன சோதனை பண்ணலாம். கண்ணாடி டம்ளர்ல தண்ணி எடுத்து ஒரு சொட்டு விடுங்க. கிராம்பு எண்ணெய் தண்ணியவிட கனம், அதனால அடில போய் முத்து மாதிரி உக்காரும். நீலகிரி தைலம் லேசு, மேல மிதக்கும். கிராம்புன்னு வாங்கினது மிதந்துச்சுன்னா சமையல் எண்ணெய் கலந்திருக்குன்னு வச்சுக்கலாம். மூழ்கினா மட்டும் சுத்தம்னு அர்த்தமில்ல, ஆனா மிதக்குறத கண்டிப்பா திருப்பிக் குடுத்துரலாம். நீலகிரி தைலத்துக்கு வெள்ளைப் பேப்பர்ல ஒரு சொட்டு, மறுநாள் பார்த்தா கறையே இருக்கக் கூடாது. எண்ணெய்க் கறை நின்னா கலப்படம்.

பாட்டில் கண்ணாடியா இருக்கணும். தெர்மோகோல் கப்புல இந்த எண்ணெய ஊத்திப் பாருங்க, ஓட்டை விழும், ரெண்டு எண்ணெயும் அதக் கரைச்சிரும். நான் முதல் தடவை டீ குடிச்ச கப்புல ஊத்தி மேசையத் தொடைச்சவதான்.

2. எது என்ன வாசனை தரும்

எண்ணெயே இல்லாத மெஹந்தி விழுது, நனைஞ்ச வைக்கோலும் எலுமிச்சையும் சேர்ந்த மாதிரி மணக்கும். எனக்கு அது பிடிக்கும், கல்யாணப் பொண்ணுங்களுக்குப் பெரும்பாலும் பிடிக்கிறதில்ல, மாட்டுத் தொழுவம் மாதிரி இருக்குன்னு சொல்றாங்க.

நீலகிரி தைலம் அந்த வைக்கோல் வாடைய உடனே மூடிரும். கோன் திறந்ததும் சளிக்குப் பூசுற தைல வாசம் அடிக்கும், மூக்கு ஜில்லுன்னு ஆகும். ஆனா அது சீக்கிரம் ஆவியாகுற சரக்கு. கைல போட்டு அரை மணி நேரத்துல தைலம் தணிஞ்சு வைக்கோல் மெதுவா எட்டிப் பார்க்கும், மறுநாள் காலைல கைய மோந்து பார்த்தா தைலம் போட்ட அடையாளமே இருக்காது.

கிராம்பு அதுக்கு நேர் எதிர். முதல்ல கொஞ்சம் அடங்கியே இருக்கும், வைக்கோல மூடாது, அதோட சேர்ந்துக்கும். சேர்ந்து ஒரு பல் டாக்டர் ரூம் வாசம், கொஞ்சம் பீடா வாசம் வரும். அதுல இருக்குற யூஜெனால்ங்கற பொருள் கொதிக்கவே 250 டிகிரிக்கு மேல வேணும், நீலகிரில இருக்குற சினியோலுக்கு 176 போதும், அதான் வித்தியாசம். கிராம்பு மெதுவாப் போகும், ரெண்டு நாள் கைலயே நிக்கும். இங்கதான் யாரும் யோசிக்காத ஒரு தொந்தரவு. பந்தில உக்காந்து கையால சாப்பிடுறோம்ல, பொண்ணு கைல கிராம்பு தூக்கலா இருந்தா கந்தரப்பமும் கிராம்பு, ரசமும் கிராம்பு. பள்ளத்தூர்ல ஒரு ஆச்சி என்கிட்டயே கேட்டாங்க, "ஏம்மா, பிரியாணிய கைல வரைஞ்சியா?"ன்னு.

ரெண்டையும் கலந்து போடலாமான்னு கேப்பாங்க. போடலாம், ஆனா நீலகிரி பெரிசு, கிராம்பு பேருக்கு, எவ்வளவுன்னு அடுத்த படில சொல்றேன்.

3. அளவு: இங்கதான் எல்லாம் கெட்டுப் போகுது

நெட்ல மெஹந்தி ரெசிபி பார்த்தா 100 கிராம் பொடிக்கு 30 மில்லி எண்ணெய்னு இருக்கும். அது லாவெண்டர், கஜபுட் மாதிரி எண்ணெய்க்கு எழுதினது. அத அப்படியே கிராம்புக்குத் தூக்கிப் போட்டுர்றாங்க. எண்ணெய்னா எல்லாம் ஒன்னுன்னு நினைக்குறதுதான் இதுல பெரிய தப்பு.

கிராம்பு எண்ணெய்ல பெரும்பங்கு யூஜெனால்தான். அது தோல எரிக்கவும் செய்யும், சிலருக்கு நிரந்தர அலர்ஜியையும் உண்டாக்கும். அதனால தோல்ல படுற பொருள்ல கிராம்பு எண்ணெய் அரை சதவீதத்துக்கு மேல வேணாம்ங்கறது வாசனை எண்ணெய் பாதுகாப்புக் கணக்குல பரவலா எடுத்துக்குற உச்சவரம்பு. நம்ம விழுது ஆறேழு மணி நேரம் தோலோட ஒட்டியே கிடக்குது, சோப்பு மாதிரி கழுவிட்டுப் போற விஷயம் இல்ல, அதனால அந்த உச்சத்தத் தொடவே கூடாதுங்கறது என் கட்சி.

கணக்கு போட்டுப் பாருங்க. 100 கிராம் பொடி, எலுமிச்சை சாறு சுமார் 275 மில்லி, சர்க்கரை 25 கிராம், மொத்தம் 400 கிராம் விழுது. இதுல அரை சதவீதம்னா 2 கிராம், கிட்டத்தட்ட 2 மில்லி. அது உச்சம். நான் போடுறது 1 மில்லி, அதாவது கால் சதவீதம். வாசனைக்கு அது தாராளம்.

நீலகிரி தைலம் தோலுக்கு இவ்வளவு முரடு இல்ல. அதே 400 கிராம் விழுதுக்கு 10 மில்லி போடுவேன், ரெண்டரை சதவீதம் வரும். அதுக்கு மேல போட்டா தோலவிட மூக்குக்கும் கண்ணுக்கும்தான் கஷ்டம், குனிஞ்சு வரையுற நமக்கே கண்ணுல தண்ணி வந்துரும். ரெண்டும் கலக்கணும்னா நீலகிரி 10, கிராம்பு அரை மில்லி.

சொட்டுக் கணக்கு வேணாம். ஒரு மில்லிக்கு 20 சொட்டுன்னு சொல்வாங்க, ஆனா பாட்டிலுக்குப் பாட்டில் மூக்கு வேற, 30 கூட வரும். மெடிக்கல்ல ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கங்க. ரெண்டு மூணு தடவைக்கு மேல அதையே வச்சுக்காதீங்க, எண்ணெய் பட்டுப் பட்டு மேல இருக்குற கோடும் நம்பரும் அழிஞ்சிரும், அப்புறம் கண்ணளவுதான்.

4. நாலு நாள் முன்னாடி: யாருக்கு வேணாம்னு கேளுங்க, டெஸ்ட் போடுங்க

முதல்ல கேள்வி. செண்ட் அடிச்சா அரிக்குமா, பல் டாக்டர் கிராம்பு வாடை மருந்து வச்சப்ப ஈறு புண்ணாச்சா? ஆமான்னா கிராம்பு வேணாம். தோல் டாக்டருங்க முதுகுல ஒட்டிப் பார்க்குற டெஸ்ட்ல வாசனைப் பொருள் கலவைன்னு ஒன்னு வரும், அதுல யூஜெனாலும் இருக்கு, அப்படி எத்தனையோ பேருக்கு ஒத்துக்காத சரக்குதான் இது. கைல கரப்பான், வெடிப்பு, வேக்சிங் பண்ணின அன்னைக்கு, இதுக்கெல்லாம் ரெண்டு எண்ணெயும் வேணாம். வீசிங் இருக்குறவங்களுக்கு நீலகிரி வேணாம். வளைகாப்புக்குக் கூப்பிட்டா நான் எண்ணெயே இல்லாம எலுமிச்சை, சர்க்கரையோட நிறுத்திருவேன்.

சின்னப் பிள்ளைங்க விஷயம் தனி. ஆறு வயசுக்குக் கீழ நான் எந்த எண்ணெயும் கலக்குறதில்ல. அதுங்க கைய வாய்ல வைக்கும், கண்ணக் கசக்கும். நீலகிரி தைலம் வயித்துக்குள்ள போனா கொஞ்சமே பெரிய ஆபத்து, குழந்தைகளுக்கு வலிப்பு வரைக்கும் போகும், பாட்டில கண்டிப்பா உயரத்துல வைங்க. கைக்குழந்தைக்கு மெஹந்தியே வேணாம். ஜி6பிடி குறைபாடுன்னு ஒன்னு இருக்கு, அது இருக்குற குழந்தைக்கு வெறும் மருதாணியே ரத்த அணுக்கள உடைச்சிரும், எண்ணெய் கலந்தாலும் கலக்காட்டியும் ஒன்னுதான்.

அப்புறம் டெஸ்ட். கல்யாணத்துக்குப் போடப்போற அதே பொடி, அதே பாட்டில் எண்ணெய். 10 கிராம் பொடிக்கு ஒரு சின்னக் கலவை, கிராம்பு 0.1 மில்லி. முழங்கை மடிப்புக்கு உள்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வச்சு, வழக்கமா வைக்குற நேரம் வைங்க. எடுத்த உடனே ஒன்னும் இல்லன்னு முடிவு பண்ணாதீங்க. எரிச்சல்னா நிமிஷத்துல தெரியும், அலர்ஜி ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுதான் அரிக்க ஆரம்பிக்கும். 48 மணி நேரம் கழிச்சும் 72 மணி நேரம் கழிச்சும் பாருங்க. நாலு நாள் முன்னாடியே ஆரம்பிக்கச் சொன்னது இதுக்குத்தான். முந்தின நாள் சாயங்காலம் டெஸ்ட் போடுறது டெஸ்ட்டே இல்ல.

5. பொடிய ஊறவைக்குறது, எண்ணெய் இல்லாம

பொடியச் சலிச்சு எலுமிச்சை சாறு விட்டு கெட்டியாப் பிசைஞ்சு, மேல கவர் ஒட்டி மூடி வைங்க. நம்ம ஊர் சித்திரை வைகாசி வெயிலுக்கு ஆறு மணி நேரத்துலயே நிறம் வெளிய வந்துரும், மார்கழில பத்து மணி நேரம் கூட ஆகும். கடிகாரத்தவிட உள்ளங்கைய நம்புங்க. ஒரு பொட்டு வச்சு அஞ்சு நிமிஷத்துல தொடைச்சா பளிச்சுன்னு ஆரஞ்சு நிக்கணும்.

எண்ணெய இப்பவே ஊத்திரலாமேன்னு கேப்பாங்க, நிறைய பேர் ஊத்தவும் செய்றாங்க, தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்தச் சூட்டுல ஆறு மணி நேரம் கிடந்தா நீலகிரி பாதி பறந்துரும், சாயங்காலம் வாசம் பத்தலையேன்னு இன்னும் கொஞ்சம் ஊத்துவீங்க, அளவு போச்சு. கிராம்பு பறக்காது, ஆனா மூக்கு அதுக்குப் பழகிரும், வாசமே வரலையேன்னு ரெண்டாவது தடவை ஊத்துவீங்க. அதனால எண்ணெய் கடைசில, ஒரே ஒரு தடவை.

ஒரு சின்னது, பழைய வீட்ல வேலை பார்த்தா கீழ பேப்பர் போட்டுக்கங்க. ஆத்தங்குடி டைல்ஸ் சிமெண்ட் சரக்கு, எலுமிச்சை அரிச்சு வெள்ளைத் தழும்பு விழும், மெஹந்தி சிந்தினா கறையும் போகாது.

6. எண்ணெய் கலக்குறது

எண்ணெயும் எலுமிச்சைத் தண்ணியும் தானாச் சேராது. விழுது மேல ஊத்தி ரெண்டு கிண்டு கிண்டினா ஒரு ஓரத்துல தேங்கும், அந்த ஓரம் போற கோன்ல மட்டும் அளவு பத்து மடங்கா இருக்கும். எரிச்சல் கேஸ்ல நான் பார்த்தது பாதி இப்படி வந்ததுதான்.

நான் பண்றது, 25 கிராம் சர்க்கரைய மிக்ஸில நைசாப் பொடிச்சு கண்ணாடி கிண்ணத்துல போட்டு, எண்ணெய அதுல விட்டு ஸ்பூன் முதுகால தேய்ச்சு ஈர மணல் மாதிரி ஆக்கிருவேன். அத முதல்ல ரெண்டு கரண்டி விழுதோட குழைச்சு, அப்புறம் மொத்தத்தோட சேர்ப்பேன். சர்க்கரை எண்ணெய எல்லா மூலைக்கும் தூக்கிட்டுப் போயிரும். அஞ்சு நிமிஷம் விடாமக் கிண்டணும், நடுவுல ஓரத்த வழிச்சுவிடணும். மேல பளபளன்னு திட்டுத் திட்டா தெரிஞ்சா இன்னும் சேரலன்னு அர்த்தம். அப்புறம் மெல்லிசு துணில வடிகட்டி கோன்ல அடைங்க, கையுறை போட்டுக்கங்க, சரியாச் சேராத எண்ணெய் முதல்ல படுறது நம்ம விரல்லதான்.

7. போடும்போது எரிஞ்சா

தேவகோட்டை பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துல நடந்தது. நான் வரைஞ்சுட்டு இருக்கேன், இரண்டாங்கட்டுல கத்துக்க வந்த பொண்ணு அடுத்த செட் கலக்குறா. 100 கிராம் பொடி, சிரிஞ்ச் எங்கயோ விழுந்துருச்சுன்னு பாட்டில் மூடியால ஒரு மூடி கிராம்பு எண்ணெய் ஊத்திட்டா. அந்த மூடி 5 மில்லி பிடிக்கும். 400 கிராம்ல 5 மில்லின்னா ஒன்னேகால் சதவீதம், நான் போடுறதுக்கு அஞ்சு மடங்கு, உச்சவரம்புக்கே ரெண்டரை மடங்கு. அதுலயும் சரியாக் கிண்டல.

நிச்சயப் பொண்ணோட தங்கச்சிக்கு மணிக்கட்டு உள்பக்கம் போட்டு பத்து நிமிஷம் ஆகல, "அக்கா சுள்ளுன்னு எரியுது"ன்னா. பக்கத்துல இருந்தவங்க "எரிஞ்சாத்தான் செவக்கும், பொறுத்துக்க"ன்னாங்க. அவ பொறுத்துக்கிட்டா, எனக்குத் தகவல் வர இன்னும் இருபது நிமிஷம் ஆச்சு. வழிச்சு எடுத்துப் பார்த்தா கொடி டிசைன் அப்படியே தடிப்பா எழும்பி நிக்குது. உள்ளங்கைல ஒன்னும் இல்ல, அங்க தோல் தடிமன். மணிக்கட்டுல மெல்லிசு, அதனால அங்கதான் முதல்ல பிடிக்கும்.

அப்போ செஞ்சது, முதல்ல விழுத மழுங்கின கத்தியால வழிச்சோம், தண்ணி காட்டல. பஞ்சுல தேங்காண்ணெய் தோய்ச்சு ரெண்டு மூணு தடவை தொடைச்சு அப்புறம் சோப்புத் தண்ணி. வெறும் தண்ணில கிராம்பு எண்ணெய் கழுவிப் போகாது, பரவத்தான் செய்யும், இன்னொரு எண்ணெய்தான் அத இழுக்கும். எரிச்சல் ஒரு மணி நேரத்துல அடங்குச்சு, செவப்பு நாலு நாள் இருந்துச்சு. மிச்ச விழுத வேற விழுதோட கலந்து நீர்த்துப் போகச் செய்யலாமான்னு யோசிச்சேன், ஏற்கனவே திட்டுத் திட்டா இருக்குறத எவ்வளவு கலந்தாலும் நம்ப முடியாது, குப்பைல போட்டோம்.

ஜில்லுன்னு இருக்குறது, லேசா குறுகுறுங்கறது நீலகிரிக்கு சகஜம். சுள்ளுன்னு எரியுறது, தடிப்பு, கொப்புளம் எதுவும் சகஜம் இல்ல. கொப்புளம் வந்தாலோ முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. எரிச்சல்ல செவக்குறது தோல் காயம், அது மெஹந்தி நிறம் இல்ல. நிறம் பொடிலயும், எத்தனை மணி நேரம் வைக்குறீங்கங்கறதுலயும், சூட்டுலயும்தான் இருக்கு, கிராம்ப கூட்டினா நிறம் கூடும்னு நான் ஒரு தடவை கூட பார்க்கல.

8. எடுத்ததுக்கு அப்புறம்

காஞ்சத உதிர்த்துட்டு ஒரு நாள் தண்ணி படாமப் பாருங்க. முதல்ல ஆரஞ்சாத்தான் இருக்கும், ரெண்டு நாள்ல கருஞ்சிவப்பு ஆகும். இந்த நடுவுல நிறம் வரலையேன்னு பயந்துபோய் கிராம்பு எண்ணெய நேரா பஞ்சுல தொட்டு கை முழுக்கத் தடவுறவங்க இருக்காங்க. இத்தனை நேரம் கால் சதவீதம்னு அளந்துட்டு கடைசில நூறு சதவீதத்தப் பூசுறது. வேணாம். அப்பத்தா காலத்து மாதிரி தோசைக்கல்லுல நாலு கிராம்ப போட்டு வாட்டி அந்தச் சூட்டுல கையக் காட்டலாம், தள்ளிப் பிடிச்சா போதும், சூடுதான் அங்க வேலை செய்யுது, புகை கண்ணுல படாமப் பார்த்துக்கங்க. அப்புறம் கொஞ்சம் தேங்காண்ணெய்.

மறுநாள் பந்தி இருந்து கிராம்பு வாசம் தொந்தரவா இருந்தா, தண்ணி படலாம்னு ஆனதும் கடலைமாவு போட்டுத் தேய்ச்சுக் கழுவினா பாதி குறையும்.

மிச்ச கோன் ஃப்ரீசர்ல, ரெண்டு கவருக்குள்ள, இல்லன்னா ஐஸ்க்ரீம் வரைக்கும் தைலம் ஏறிரும். மேல எந்த எண்ணெய், எத்தனை மில்லி, என்ன தேதின்னு எழுதி ஒட்டுங்க. வெளிய வச்சா நம்ம ஊர் வெக்கைக்கு ஒரு நாள்தான். வெளிய எடுத்து உருகினதும் வாசம் கம்மியா இருக்கேன்னு தோணும், அதுக்காகக் கோனப் பிரிச்சு எண்ணெய் ஊத்தாதீங்க, பத்து நிமிஷம் கைல வச்சு உருட்டினா வாசம் தானா எழும்பும்.